வட்டிச் சான்றிதழும் வங்கிப் புத்தகமும்: ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

(இளைப்பாறிய தொழிலாளர்களுக்கும் அவர்களது குடும்பத்தாருக்கும் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றிப் பேச வரவில்லை. சம்பளம் நின்ற பிறகு கைக்கு வரும் பணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, பணிக்கொடை என்று முப்பது நாற்பது வருட உழைப்புக்கு ஒரே தடவையில் ஒரு தொகை வருகிறது. நம்மில் பலர் அதை வங்கியில் நிலையான வைப்பில் போட்டுவிட்டு, மாதாமாதம் வரும் வட்டியில் அரிசி, மா, மருந்து வாங்குகிறோம்.

அந்த வட்டி கைக்கு வருவதற்கு முன்பே வங்கி அதில் ஒரு பங்கை வரியாகக் கழித்து, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்புகிறது. இதைப் பிடித்துவைத்தல் வரி என்கிறார்கள். 2023 ஜனவரி முதல் இது நூற்றுக்கு ஐந்தாக இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் நூற்றுக்குப் பத்து ஆகிவிட்டது.

ஆனால் ஒருவருடைய எல்லா வருமானமும் சேர்ந்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் அவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. இந்த எல்லையும் 2025 ஏப்ரலில் இருந்துதான். நமது இளைப்பாறியவர்களில் யாருக்கு வருடத்துக்குப் பதினெட்டு இலட்சம் வருகிறது? ஆகவே கழிக்கப்பட்ட பணம் நமக்குத் திரும்பி வர வேண்டிய பணம். வருமான வரி விபரத்திரட்டைத் தாக்கல் செய்து அதைத் திரும்பக் கேட்கலாம். அப்படிக் கேட்பதற்குக் கையில் இருக்க வேண்டிய தாள்தான் வங்கி கொடுக்கும் வட்டிச் சான்றிதழ். வருடம் முழுவதும் எவ்வளவு வட்டி, அதில் எவ்வளவு வரி கழித்தோம் என்று அதில் எழுதியிருக்கும்.

இந்தத் தாளில் ஒரு தொகை விடுபட்டால் அந்தப் பணத்தை நம்மால் கேட்க முடியாது. அதனால் கையில் வாங்கியதும் வங்கிப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எப்படி என்று, நமது மேல் டிவிசனில் நடந்த ஒரு விடயத்தை வைத்தே சொல்கிறோம்.

அந்த அக்கா முப்பத்து நான்கு வருடம் கொழுந்து எடுத்தவர். வந்த பணத்தில் 12 இலட்சம் ரூபாயை 2024 செப்டெம்பர் 10ஆம் திகதி ஒரு வருடத் தவணைக்கு, நூற்றுக்கு எட்டு வட்டியில் போட்டார். வட்டி ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதி அவருடைய சேமிப்புக் கணக்கில் விழும். 2025 செப்டெம்பரில் தவணை முடிந்ததும் அதே 12 இலட்சத்தை மறுபடியும் ஒரு வருடத்துக்குப் போட்டார். அப்போது வட்டி ஏழரையாகக் குறைந்திருந்தது. வங்கி பழைய வைப்புப் பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு, வேறு இலக்கத்தோடு புதிய பற்றுச்சீட்டைக் கொடுத்தது. இந்த இலக்க மாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இங்கேதான் வர வேண்டியிருக்கிறது.

2026 ஏப்ரலில் அக்கா சான்றிதழ் கேட்டு வாங்கினார். அதில் நிலையான வைப்பு வட்டி 45,000, வரி 4,500 என்று இருந்தது. சேமிப்புக் கணக்கு வட்டி 1,500, வரி 150. மொத்தம் வட்டி 46,500, வரி 4,650. கையொப்பம், முத்திரை எல்லாம் இருந்தது. உயர்தரம் படிக்கும் மகள்தான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் செய்ததை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில் புத்தகத்தை வங்கியில் கொடுத்து இன்றைய திகதி வரை பதிவு செய்து வாங்கினாள். பல மாதம் பதிவு செய்யாமல் விட்டால், சில வங்கிகளில் இயந்திரம் இடையில் உள்ள வரவு செலவுகளை எல்லாம் சேர்த்து ஒரே வரியாக அச்சடித்துவிடும். அந்த வரிக்குள் எத்தனை மாத வட்டி இருக்கிறது என்று தெரியாது. உங்கள் புத்தகத்தில் அப்படி இருந்தால், அந்தக் காலத்துக்குக் கணக்குக் கூற்று ஒன்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவதாக, வருடத்துக்கு எல்லை போட்டாள். வரிக்கான வருடம் ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரை. புத்தகத்தில் 2025 ஏப்ரல் 1க்கு முன்னால் ஒரு கோடு, 2026 மார்ச் 31க்குப் பின்னால் ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் உள்ளது மட்டுமே இந்தக் கணக்கு. பணம் கணக்கில் விழுந்த திகதியைத்தான் பார்க்க வேண்டும். மார்ச் மாதத்துக்கான வட்டி ஏப்ரல் 1ஆம் திகதி விழுந்திருந்தால் அது அடுத்த வருடத்துக்குப் போகும். ஜனவரி முதல் டிசம்பர் வரை கூட்டிப் பார்த்துவிட்டுச் சான்றிதழ் பிழை என்று வங்கியில் சண்டை போட்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

மூன்றாவதாக, இரண்டு கோட்டுக்கும் இடையில் நிலையான வைப்பிலிருந்து வந்த வட்டியை மட்டும் ஒரு கொப்பியில் எழுதினாள். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை ஆறு தடவை 7,200 ரூபாய் வந்திருந்தது. ஒக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு தடவை 6,750 ரூபாய் வந்திருந்தது. முதல் ஆறும் 43,200. அடுத்த ஆறும் 40,500. மொத்தம் 83,700 ரூபாய்.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அக்காவின் வங்கியில் நிலையான வைப்பு வட்டி வரி கழிந்த பிறகுதான் புத்தகத்தில் விழுகிறது. சான்றிதழில் இருப்பதோ வரி கழிக்க முன் உள்ள முழு வட்டி. ஆகவே இரண்டு தொகையும் ஒன்றாக இருக்காது. ஒன்றாக இல்லை என்பதற்காகப் பிழை என்று சொல்லிவிடக் கூடாது. புத்தகத்துத் தொகையிலிருந்து முழு வட்டியைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. நூற்றுக்குப் பத்து கழித்தால் பத்துப் பங்கில் ஒன்பது பங்கு கைக்கு வருகிறது. ஆகவே கைக்கு வந்ததை ஒன்பதால் வகுத்தால் கழித்த வரி வரும். அதைக் கைக்கு வந்ததோடு கூட்டினால் முழு வட்டி. 7,200ஐ ஒன்பதால் வகுத்தால் 800. அதுதான் வரி. இரண்டையும் கூட்டினால் 8,000. 12 இலட்சத்துக்கு நூற்றுக்கு எட்டு என்றால் வருடத்துக்கு 96,000, மாதத்துக்கு 8,000. கணக்குச் சரி. அதேபோல 6,750ஐ ஒன்பதால் வகுத்தால் 750. முழு வட்டி 7,500. நூற்றுக்கு ஏழரைக்கு அதுவும் சரி.

2025 மார்ச் வரை உள்ள பழைய கணக்கைப் பார்ப்பவர்கள் ஒன்பதுக்குப் பதிலாகப் பத்தொன்பதால் வகுக்க வேண்டும். அப்போது வரி நூற்றுக்கு ஐந்துதான்.

சேமிப்புக் கணக்கு வட்டி சில வங்கிகளில் வேறு மாதிரிப் பதிவாகும். முழு வட்டியை ஒரு வரியில் வரவு வைப்பார்கள். அடுத்த வரியிலேயே வரியைக் கழிப்பார்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் டபிள்யூ.எச்.ரி அல்லது ஏ.ஐ.ரி என்று மூன்று ஆங்கில எழுத்து இருக்கும். அங்கே ஒன்பதால் வகுக்கக் கூடாது, இருப்பதை அப்படியே எழுத வேண்டும். அக்காவின் புத்தகத்தில் அப்படி வருடத்துக்கு 1,500 வரவும் 150 கழிவும் இருந்தன. சான்றிதழும் அதையே சொன்னது. அது சரி.

நான்காவது படியில்தான் பிழை தெரிந்தது. சான்றிதழில் உள்ள மொத்த வட்டியிலிருந்து மொத்த வரியைக் கழித்தால், கைக்கு வந்த தொகை வர வேண்டும். சான்றிதழின்படி 46,500இலிருந்து 4,650 போக 41,850. புத்தகத்தின்படி வைப்பு வட்டி 83,700, சேமிப்பு வட்டி 1,350, ஆக 85,050. சான்றிதழ் சொல்வதைவிட 43,200 ரூபாய் கூடுதலாகக் கைக்கு வந்திருக்கிறது!

வித்தியாசம் வந்தால் உடனே வங்கிக்கு ஓடாமல், அந்தத் தொகை எதைப் போல இருக்கிறது என்று பாருங்கள். சில ரூபாய், சதங்கள்தான் வித்தியாசம் என்றால், சதத்தை முழுதாக்கியதால் வந்தது. விட்டுவிடலாம். ஒரு மாத வட்டி அளவு வித்தியாசம் என்றால், கோடு போட்ட இடத்தைத் திரும்பப் பாருங்கள். அக்காவுக்கு வந்த வித்தியாசம் 43,200. கொப்பியில் முதல் ஆறு மாதக் கூட்டுத்தொகையும் அதே 43,200தான். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை முழுவதும் விடுபட்டிருக்கிறது என்று மகளுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

ஏன் விடுபட்டது? சான்றிதழில் வைப்பு இலக்கம் ஒன்றுதான் இருந்தது. அது செப்டெம்பரில் கொடுத்த புதிய பற்றுச்சீட்டின் இலக்கம். பழைய வைப்பு தவணை முடிந்து மூடப்பட்டதால், சான்றிதழ் எடுத்தவர் இப்போது திறந்திருக்கும் கணக்குகளை மட்டும் எடுத்திருக்கிறார். ஆகவே தவணை புதுப்பிக்கும்போது பழைய பற்றுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்குமுன் அதை ஒரு போட்டோப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவிடம் பிரதி இருந்தது. அது இருந்தபடியால்தான் பழைய இலக்கத்தைக் காட்ட முடிந்தது.

அவர்கள் கிளைக்குப் போனபோது, கருமபீடத்தில் இருந்தவர், "அம்மா, இது கொம்பியூட்டர்ல இருந்து வந்தது. பிழை இருக்காது" என்றார். மகள் குரலை உயர்த்தவில்லை. கொப்பியையும் பழைய பற்றுச்சீட்டின் பிரதியையும் முன்னால் வைத்து, "சேர், இந்த இலக்கம் சான்றிதழ்ல இல்ல. இந்த ஆறு மாசம் வட்டி விழுந்திருக்கு, வரியும் கழிச்சிருக்கு. கொஞ்சம் பாருங்க" என்றாள். அவர் பழைய இலக்கத்தை அடித்துப் பார்த்தார். "ஆமா, இது வரல்லதான்" என்றார்.

பேச்சோடு விட்டுவிடவில்லை. கிளை முகாமையாளருக்கு ஒரு கடிதமும் கொடுத்தார்கள். அதில் நீண்ட கதை எதுவும் இல்லை. இவ்வளவுதான்:

"2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையான காலத்துக்கு எனக்குத் தரப்பட்ட வட்டிச் சான்றிதழில், 2025 செப்டெம்பர் 10ஆம் திகதி தவணை முடிந்த எனது நிலையான வைப்பின் வட்டி சேர்க்கப்படவில்லை. அந்த வைப்பின் இலக்கம் கீழே உள்ளது. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை எனது சேமிப்புக் கணக்கில் ஆறு தடவை 7,200 ரூபாய் வரவாகியுள்ளது. எனது பெயரில் அந்தக் காலத்தில் இருந்த, மூடப்பட்டவை உட்பட எல்லாக் கணக்குகளையும் சேர்த்துத் திருத்திய சான்றிதழ் ஒன்றைத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

புத்தகத்தின் அந்தப் பக்கங்களின் பிரதியை இணைத்தார்கள். கடிதத்தின் இன்னொரு பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டார்கள். "மூடப்பட்டவை உட்பட" என்ற சொல்லை நீங்களும் மறக்காமல் எழுதுங்கள். முதல் தடவை சான்றிதழ் கேட்கும்போதே அதை எழுதிவிட்டால் பாதி வேலை மிச்சம்.

திருத்திய சான்றிதழ் வந்தது. பழைய வைப்புக்கு வட்டி 48,000, வரி 4,800. புதிய வைப்புக்கு வட்டி 45,000, வரி 4,500. சேமிப்புக்கு 1,500, வரி 150. மொத்த வட்டி 94,500, வரி 9,450. கழித்துப் பார்த்தால் 85,050. புத்தகத்தில் உள்ளதும் அதே தொகை. முதல் சான்றிதழை வைத்துக் கேட்டிருந்தால் 4,650 ரூபாய்தான் கேட்டிருக்க முடியும். மீதி 4,800 ரூபாய் போயிருக்கும். 2025இல் இருந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்ற கணக்கில் அது மூன்றரை நாள் மலையேறிக் கொழுந்து எடுத்த கூலி.

சிலர் கேட்பார்கள், "வட்டியைக் குறைத்துக் காட்டினால் நமக்கு நல்லதுதானே?" என்று. வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவருக்கு வட்டி 46,500 என்றாலும் 94,500 என்றாலும் வரி இல்லை. அதனால் குறைந்த தொகையால் இலாபம் எதுவும் இல்லை, திரும்பி வரும் பணம்தான் குறையும். வங்கி எவ்வளவு கழித்தது என்ற தகவல் திணைக்களத்துக்கும் போகிறது. நமது விபரத்திரட்டில் உள்ள தொகை அதோடு பொருந்த வேண்டும்.

இன்னொரு வகைப் பிழையும் உண்டு. வட்டி சரியாக இருக்கும், வரி பிழையாக இருக்கும். வருமானம் எல்லைக்குள் இருப்பவர்கள் வங்கியில் ஒரு சுய பிரகடனப் படிவம் கொடுத்தால், அதன்பிறகு வரி கழிக்க மாட்டார்கள். ஒருவர் 7,50,000 ரூபாயை நூற்றுக்கு எட்டில் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 5,000. வருடத் தொடக்கத்தில் படிவம் கொடுக்கவில்லை, நான்கு மாதம் கழித்துத்தான் கொடுத்தார். புத்தகத்தில் முதல் நான்கு மாதம் 4,500, பிறகு எட்டு மாதம் 5,000 என்று விழுந்திருக்கும். சான்றிதழில் வட்டி 60,000, வரி 2,000 என்று வர வேண்டும். வரி இருக்க வேண்டிய இடத்தில் சைபர் என்று இருந்தால், முதல் நான்கு மாதம் கழித்த 2,000 ரூபாய் தாளில் காணாமல் போய்விட்டது என்று அர்த்தம். இப்படிப்பட்டவர் ஒன்பதால் வகுக்கும் கணக்கை 4,500 விழுந்த மாதங்களுக்கு மட்டுமே செய்ய வேண்டும். 5,000 விழுந்த மாதங்களுக்குச் செய்தால் இல்லாத வரி இருப்பதாகக் காட்டும்.

மாதாமாதம் வட்டி எடுக்காமல் முதலோடு சேர்த்துவிடுபவர்களுக்குச் சேமிப்புப் புத்தகத்தில் எதுவும் இருக்காது. அவர்கள் பழைய பற்றுச்சீட்டையும் புதிய பற்றுச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2 இலட்சம் ரூபாய் ஒரு வருடத்தில் 2,14,400 ஆகியிருந்தால், கூடிய 14,400தான் வரி கழிந்த வட்டி. ஒன்பதால் வகுத்தால் 1,600 வரி. முழு வட்டி 16,000. அந்த இரண்டு தொகையும் சான்றிதழில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தவணைக்கு முன்பே வைப்பை உடைத்தவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு நேராக வராது. முன்னால் கொடுத்த வட்டியில் ஒரு பகுதியை வங்கி திரும்ப எடுத்திருக்கும். அதனால் சான்றிதழில் குறைந்த தொகை இருந்தாலும் அது பிழை என்று சொல்ல முடியாது. உடைத்த அன்று கொடுத்த கணக்குத் தாளைக் கேட்டு வாங்கி, அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

தோழர்களே, அக்காவின் வேலை திருத்திய சான்றிதழோடு முடியவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்க வரி செலுத்துநர் அடையாள இலக்கம் வேண்டும். டின் இலக்கம் என்று சொல்வது அதைத்தான். அதை எடுத்து, 2026 மார்ச்சில் முடிந்த வருடத்துக்கான விபரத்திரட்டை 2026 நவம்பர் 30க்கு முன் தாக்கல் செய்ய வேண்டும். அதில் சான்றிதழில் உள்ள விபரங்களை எழுத வேண்டும். ஆகவே ஒக்டோபர், நவம்பர் வரை காத்திருந்து சான்றிதழை எடுத்தால், பிழை இருந்தால் திருத்துவதற்கு நாள் போதாது. விளங்காத இடத்தில் திணைக்களத்தின் 1944 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

இந்த வருடத்துக்கான சான்றிதழை இன்னும் எடுக்காதவர்கள் இந்த வாரமே வங்கியில் எழுதிக் கொடுங்கள். எடுத்தவர்கள் வீட்டுக்குப் போனதும் சான்றிதழில் எத்தனை கணக்கு இலக்கம் இருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள். பிறகு அந்த வருடத்தில் உங்களிடம் எத்தனை புத்தகம், எத்தனை பற்றுச்சீட்டு இருந்தது என்று எண்ணுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் புத்தகத்தையும், பற்றுச்சீட்டுப் பிரதிகளையும், சான்றிதழையும் எடுத்துக்கொண்டு சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். கொப்பியும் பேனாவும் நாங்கள் வைத்திருக்கிறோம். உட்கார்ந்து சேர்ந்தே கணக்குப் பார்ப்போம்.